நிழலை அளந்து நிலவு மலையின் உயரத்தைக் கணக்கிடுவது: சேலத்து மொட்டை மாடியிலிருந்து பிக்கோ மலை

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ஏற்றக்கோணம் என்ற பாடத்தைப் படித்தவர் எவரும் நிலவில் உள்ள ஒரு மலையின் உயரத்தைக் கணக்கிட்டுவிட முடியும். நிழலின் நீளமும், நிழல் விழுந்த நேரத்தில் அந்த மலையில் நின்று பார்த்தால் சூரியன் அடிவானத்துக்கு மேல் எத்தனை பாகையில் இருந்திருக்கும் என்பதும் தெரிந்தால், முதலாவதை இரண்டாவதன் டேன்ஜென்டால் பெருக்கினால் உயரம் கிடைக்கும். கணக்கின் அடிப்படை அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு எண்களையும் நம்பும்படியாகப் பெறுவதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது. புதிதாகச் செய்பவருக்கு எளிதாக அமையக்கூடிய ஒரே ஒரு மலையை எடுத்துக்கொண்டு, தொடக்கம் முதல் விடை வரை இக்கட்டுரை செல்கிறது.

மலையைத் தேர்வு செய்தல்

நிலவின் வடபாதியில் மழைக்கடல் என்று அழைக்கப்படும் மாரே இம்பிரியம் என்ற பெரிய எரிமலைக் குழம்புச் சமவெளி இருக்கிறது. அதன் வடக்கு ஓரத்தில், பிளேட்டோ என்ற கருந்தரைப் பள்ளத்துக்குச் சற்றுத் தெற்கே, பிக்கோ என்ற மலை தனியாக நிற்கிறது. அதன் இருப்பிடம் வட அட்சரேகை 45.7 பாகை, மேற்குத் தீர்க்கரேகை 8.9 பாகை. சிறிய தொலைநோக்கியிலும் வெள்ளைப் புள்ளியாகத் தெளிவாகத் தெரியும்.

இந்த மலையைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் அது தனித்து நிற்பதுதான். நிழல் முறை தரும் உயரம் ஏதோ ஒரு பொது மட்டத்திலிருந்து எடுக்கப்பட்ட உயரம் அன்று. நிழலின் நுனி எந்தத் தரையில் விழுகிறதோ அந்தத் தரையிலிருந்து மலையுச்சி எவ்வளவு மேலே இருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி கடல்மட்டத்திலிருந்து 1,623 மீட்டர் என்கிறோம். ஆனால் காலை வெயிலில் அம்மலையின் நிழல் ஓமலூர்ப் பக்கத்துச் சமவெளியில் விழும்போது அதை ஒருவர் அளந்தால், அந்தச் சமவெளியே கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 300 மீட்டர் மேலே இருப்பதால், அவருக்குக் கிடைப்பது 1,300 மீட்டரை ஒட்டிய எண்ணாகத்தான் இருக்கும். நிலவில் கடல்மட்டம் என்ற ஒன்றே இல்லை என்பதால் இந்த வேறுபாடு அங்கே இன்னும் முக்கியமாகிறது. நிழல் ஒரு மேட்டின் மீது விழுந்தால் மலை குட்டையாகத் தெரியும். பள்ளத்துக்குள் விழுந்தால் நெட்டையாகத் தெரியும். தெற்குப் பகுதியின் மேடுபள்ளங்களுக்கு நடுவே உள்ள ஒரு சிகரத்தை முதல் முயற்சிக்கு எடுத்துக்கொள்பவர், சரியாக அளந்த பின்னும் என்ன அளந்தோம் என்று சொல்ல முடியாத நிலைக்கு வந்துவிடுவார். பிக்கோவின் நிழலோ ஓரளவு சமமான எரிமலைக் குழம்புத் தரையில் விழுகிறது.

எந்த மாலையில் பார்ப்பது

நிலவில் ஒரு பகல் நமக்கு ஏறத்தாழ 15 நாள். ஆகவே ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான எல்லை மிக மெதுவாக, மணிக்கு அரைப் பாகை வீதம் மேற்கு நோக்கி நகர்கிறது. அந்த எல்லை பிக்கோவைத் தாண்டும்போது அம்மலைக்குச் சூரிய உதயம். அதன்பின் அங்கே சூரியன் மணிக்கு ஏறத்தாழ 0.35 பாகை வீதம் உயர்கிறது.

அளவெடுக்க ஏற்ற கோணம் 4 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையே என்று வைத்துக்கொள்ளலாம். 4 பாகைக்குக் கீழே நிழல் மிக நீளமாக, நுனி மங்கலாக, எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாதபடி இருக்கும். 10 பாகைக்கு மேலே நிழல் மிகவும் குறுகிவிடுவதால், படத்தில் ஓரிரு புள்ளிகள் பிசகினாலும் விடை பெரிதாக மாறிவிடும். இந்த இடைவெளியைச் சூரியன் கடக்கச் சுமார் 17 மணி நேரம் ஆகும் என்பதால், ஒரு மாதத்தில் ஒரு மாலைதான் நமக்கு வாய்க்கும். சில மாதங்களில் அதுவும் நிலவு நமக்குத் தெரியாத நேரத்தில் கழிந்துவிடும். நாட்காட்டியில் வளர்பிறை நவமி, தசமி என்று போட்டிருக்கும் மாலைகளைக் குறித்துவைத்துக்கொண்டு, பின்னால் சொல்லப்போகும் கணக்கை அந்த நேரங்களுக்கு முன்கூட்டியே போட்டுப் பார்த்தால் எந்த மாலை சரியானது என்பது தெரிந்துவிடும்.

இந்த வேலைக்குச் சேலம் நல்ல இடம். நம் அட்சரேகை வடக்கே ஏறத்தாழ 11.7 பாகை மட்டுமே என்பதால், நிலவு வானில் தன் மிக உயர்ந்த இடத்தை அடையும்போது எந்த மாதத்திலும் அதன் உயரம் ஏறத்தாழ 50 பாகைக்குக் குறைவதில்லை. பல மாதங்களில் தலைக்கு நேர் மேலே அருகில் வந்துவிடுகிறது. நவமி நிலவு இரவு ஏழு மணியை ஒட்டி அந்த இடத்தில் இருக்கும். சிக்கல் வேறொன்று. பகல் முழுவதும் வெயிலில் காய்ந்த கான்கிரீட் மாடி இரவில் அந்தச் சூட்டை வெளியே விடும்போது, அதற்கு மேலே உள்ள காற்று கலங்கி, நிலவின் விளிம்பு ஓடும் நீருக்கு அடியில் இருப்பதைப் போல் ஆடும். மாடியில் முன்னதாகவே தண்ணீர் தெளித்து வைப்பதும், ஒன்பது மணிக்கு மேல் தொடங்குவதும் ஓரளவு உதவும். ஏற்காட்டுக்குப் போனால் இந்தச் சூட்டுக் கலக்கம் குறையும். ஆனால் அங்கே மூடுபனி எப்போது வரும் என்று சொல்ல முடியாது, பனி தொலைநோக்கியின் ஆடியில் படிந்துவிடும். நிலவுக்கு இருண்ட வானம் தேவையில்லை என்பதால், இதற்காகவே மலையேற வேண்டிய கட்டாயம் எனக்குத் தெரிந்தவரை இல்லை.

படம் எடுத்தலும் அளவுகோலும்

150 அல்லது 200 மில்லிமீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கியும், அதில் பொருத்தக்கூடிய சிறிய கேமராவும் இருந்தால் போதும். சில நூறு பிரேம்களைக் காணொளியாக எடுத்து, அவற்றில் தெளிவானவற்றை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுக்கும் மென்பொருளில் கொடுத்து, ஒரே படமாக மாற்றிக்கொள்ள வேண்டும். பிளேட்டோவும் பிக்கோவும் ஒரே படத்தில் வர வேண்டும். படம் எடுத்த நேரத்தை நிமிடக் கணக்கில் எழுதிவைக்க வேண்டும். ஐந்து நிமிடப் பிசகு விடையை அரை சதவீதம்தான் மாற்றும், ஆனால் ஒரு மணி நேரப் பிசகு ஐந்து சதவீதத்துக்கு மேல் மாற்றிவிடும். கேமராவின் கடிகாரம் இந்திய நேரத்தில் இருக்கும். மென்பொருள்கள் பலவும் உலக நேரத்தைக் கேட்கும். ஐந்தரை மணி நேரத்தைக் கழிக்க மறந்தால் சூரியனின் கோணத்தில் ஏறத்தாழ 2 பாகை கூடிவிடும். அது விடையை மூன்றில் ஒரு பங்குவரை ஊதிவிடப் போதுமானது.

வெளிச்ச அளவு குறித்தும் எச்சரிக்கை தேவை. படம் பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று கூடுதல் வெளிச்சம் கொடுத்தால், வெண்மை கசிந்து நிழலின் நுனியை விழுங்கிவிடும். கூர்மையாக்கும் கருவியை அதிகம் பயன்படுத்தினால் நிழலின் ஓரத்தில் இல்லாத ஒரு வெள்ளைக்கோடு முளைக்கும். அளவெடுப்பதற்கான பிரதியைச் சற்று மங்கலாகவே, கூர்மையாக்காமல் வைத்துக்கொள்வது நல்லது.

இனி அளவுகோல். படத்தில் ஒரு புள்ளி நிலவின் தரையில் எத்தனை கிலோமீட்டர் என்பது தெரிய வேண்டும். தொலைநோக்கியின் குவியத்தூரத்தையும் அன்றைய நிலவின் தூரத்தையும் வைத்து இதைக் கணக்கிடலாம் என்றாலும், பக்கத்திலேயே இருக்கும் பிளேட்டோவை அளவுகோலாகக் கொள்வதுதான் எளிய வழி. அதன் விட்டம் 101 கிலோமீட்டர். உண்மையில் வட்டமான அது, நிலவின் வடக்குச் சரிவில் இருப்பதால் நமக்கு நீள்வட்டமாகத் தெரிகிறது; வடக்கு தெற்காக அமுங்கியிருக்கிறது, கிழக்கு மேற்காக ஏறக்குறைய முழு அகலமும் தெரிகிறது. பிக்கோவின் காலை நிழலும் ஏறக்குறைய கிழக்கு மேற்காகத்தான் கிடக்கிறது. மேலும் பிளேட்டோவும் பிக்கோவும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில் இருப்பதால், அந்தத் திசையில் இருக்கும் சிறிய அமுக்கம் இரண்டுக்கும் சமமாகவே இருந்து கணக்கில் அடிபட்டுப் போகிறது. எனவே பிளேட்டோவின் நீண்ட அச்சை மட்டும், ஒரு விளிம்பின் உச்சியிலிருந்து எதிர் விளிம்பின் உச்சி வரை அளக்க வேண்டும். உள்ளே கிழக்குச் சுவரின் நிழல் பற்களைப் போல் தரையில் நீண்டிருக்கும். அதை விளிம்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எடுத்துக்காட்டுக் கணக்குக்காக, ஒரு படத்தில் பிளேட்டோவின் நீண்ட அச்சு 220 புள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம். 101 ஐ 220 ஆல் வகுத்தால் ஒரு புள்ளிக்கு 0.459 கிலோமீட்டர்.

நிழலின் இரு முனைகள்

நிழலை மலையடிவாரத்திலிருந்து அளப்பதா, உச்சியிலிருந்து அளப்பதா என்ற குழப்பம் பலருக்கும் வரும். கணக்குக்குத் தேவை உச்சிக்கு நேர் கீழே உள்ள இடத்திலிருந்து நிழல் நுனி வரையான தூரம். சூரியன் கிழக்கே 6 பாகை உயரத்தில் இருக்கும்போது, மலையின் மேற்குச் சரிவு அதைவிடச் செங்குத்தாக இருப்பதால் அந்தச் சரிவு முழுவதுமே இருளில் மூழ்கிவிடுகிறது. எனவே படத்தில் வெள்ளையான கிழக்கு முகமும் கறுப்பும் சந்திக்கும் கோடுதான் மலையின் முகடு. அங்கிருந்துதான் அளவைத் தொடங்க வேண்டும். முகடு நீளமாக இருந்து, நிழலில் ஒன்றுக்கு மேற்பட்ட நுனிகள் தெரிந்தால், மிக நீண்ட நுனியை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து நிழலின் திசைக்கு இணையாகப் பின்னோக்கி வந்து முகட்டைத் தொடும் இடத்தைப் பிடிக்க வேண்டும்.

மறுமுனையான நுனி இன்னும் தொல்லையானது. சூரியன் ஒரு புள்ளி அன்று. நிலவிலிருந்து பார்த்தாலும் அதன் வட்டு அரைப் பாகை அகலம் உடையது. நுனிக்கு அருகே ஓரிடத்தில் நிற்பவருக்குச் சூரியனின் மேல் விளிம்பு மட்டும் மலையுச்சிக்கு மேல் எட்டிப் பார்க்கும். சற்று மேற்கே நிற்பவருக்கு வட்டு முழுவதும் தெரியும். ஆகவே கறுப்பு சட்டென்று முடியாமல், படிப்படியாக வெளுக்கிறது. பிக்கோவுக்கு 6 பாகையை ஒட்டிய கோணத்தில் இந்த மங்கல் பகுதி ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர், அதாவது நம் படத்தில் ஐந்து புள்ளிகள். முழுக் கறுப்பு முடியும் இடத்தை எடுத்தால் உயரம் குறையும். முழு வெளிச்சம் தொடங்கும் இடத்தை எடுத்தால் கூடும். நிழலின் நடுக்கோட்டின் வழியாகப் புள்ளிகளின் வெளிச்ச மதிப்பைப் படிக்கும் வசதி படம் அளக்கும் மென்பொருள்களில் இருக்கும். கறுப்பின் மதிப்புக்கும் பக்கத்துத் தரையின் மதிப்புக்கும் சரிபாதியாக வரும் இடத்தை நுனியாகக் கொண்டால், அது சூரிய வட்டின் நடுப்புள்ளிக்கு ஏறத்தாழ ஒத்துவரும். நாம் கணக்கிடப்போகும் கோணமும் வட்டின் நடுவுக்கு உரியதுதான்.

எடுத்துக்காட்டில் முகட்டிலிருந்து நுனி வரை 50 புள்ளிகள் என்று கொள்வோம். 50 ஐ 0.459 ஆல் பெருக்க, நிழலின் நீளம் 22.95 கிலோமீட்டர்.

சூரியனின் கோணம்

இதற்கு அந்த நேரத்துக்குரிய இரண்டு எண்கள் தேவை. முதலாவது, கோலாஞ்சிட்யூட் என்று மென்பொருள்களில் காட்டப்படுவது. காலைநேர ஒளி எல்லை நிலவின் நடுத் தீர்க்கரேகையிலிருந்து மேற்கே எத்தனை பாகை நகர்ந்திருக்கிறது என்பதை அது சொல்கிறது. இரண்டாவது, நிலவில் சூரியன் தலைக்கு நேராக இருக்கும் இடத்தின் அட்சரேகை. விர்ச்சுவல் மூன் அட்லஸ் என்ற இலவச மென்பொருளில் நேரத்தைக் கொடுத்தால் இவை கிடைக்கும். சில கருவிகள் கோலாஞ்சிட்யூடுக்குப் பதிலாகச் சூரியன் தலைக்கு நேராக இருக்கும் தீர்க்கரேகையைத் தரும். 90 இலிருந்து அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

```
sin A = sin B · sin b + cos B · cos b · sin(C + l)
```

இதில் A நாம் தேடும் கோணம், B சூரியன் நேராக இருக்கும் அட்சரேகை, C கோலாஞ்சிட்யூட். b, l ஆகியவை மலையின் அட்சரேகையும் தீர்க்கரேகையும். கிழக்குத் தீர்க்கரேகைக்கு மிகைக்குறி, மேற்குக்குக் குறைக்குறி; ஆகவே பிக்கோவுக்கு l = −8.9.

C = 17.5, B = +0.5 என்று எடுத்துக்கொண்டால், C உடன் l ஐச் சேர்க்க 8.6 பாகை வருகிறது. அதன் சைன் 0.1495, அதை 45.7 பாகையின் கொசைனான 0.698 ஆல் பெருக்க 0.1044. முதல் உறுப்பு 0.0087 ஐ 0.716 ஆல் பெருக்கியது, அதாவது 0.0062. இரண்டையும் கூட்ட 0.1107. இந்தச் சைனுக்குரிய கோணம் 6.36 பாகை.

முதல் உறுப்பு மிகச் சிறியது என்று எண்ணி விட்டுவிடத் தோன்றும். விட்டுவிட்டால் கோணம் 6.0 பாகை ஆகி, உயரம் ஆறு சதவீதம் குறைந்துவிடும். B ஆண்டு முழுவதும் +1.5 க்கும் −1.5 க்கும் இடையே ஊசலாடுவதால், பிக்கோ போல் வடக்கே தள்ளியுள்ள மலைக்கு இது ஒரு பாகை வரை வேறுபாட்டை உண்டாக்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள மலைகளுக்கு மட்டுமே இதைப் பொருட்படுத்தாமல் விடலாம்.

உயரம்

```
h = L · tan A − L² / (2R)
```

இதில் h மலையின் உயரம், L நிழலின் நீளம். 6.36 பாகையின் டேன்ஜென்ட் 0.1114. அதை 22.95 ஆல் பெருக்க 2.56 கிலோமீட்டர். இத்தோடு நிறுத்திவிடக் கூடாது. நிலவின் ஆரமான R வெறும் 1,737 கிலோமீட்டர். பூமியில் 23 கிலோமீட்டர் தூரத்துக்குத் தரை ஏறத்தாழ 40 மீட்டர் வளைந்து தாழும் என்றால், நிலவில் அதே தூரத்துக்கு 150 மீட்டர் தாழ்ந்துவிடுகிறது. தரை தாழ்ந்துகொண்டே போவதால், சமதளத்தில் விழுந்திருக்கக்கூடியதைவிட நிழல் நீண்டு விழுகிறது. இரண்டாவது உறுப்பு அந்த மிகையைத்தான் கழிக்கிறது: 22.95 இன் வர்க்கத்தை 3,474 ஆல் வகுக்க 0.15. ஆக விடை 2.4 கிலோமீட்டர். பிக்கோவுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் உயரமும் இதுவே. கோணத்தை மலைக்குக் கணக்கிட்டதால்தான் இங்கே கழிக்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும்; யாராவது நிழல் நுனி இருக்கும் இடத்துக்குக் கோணத்தைக் கணக்கிட்டிருந்தால், அங்கே சூரியன் ஏறத்தாழ முக்கால் பாகை தாழ்வாக இருக்கும், அப்போது இதே உறுப்பைக் கூட்ட வேண்டும்.

நுனியைக் குறித்ததில் இரண்டு புள்ளிகள் முன்பின்னாக இருந்திருந்தால் உயரம் 90 மீட்டர் மாறும். பிளேட்டோவின் விளிம்பு ஒழுங்கற்றது என்பதால் அளவுகோலில் வரும் பிசகு இன்னும் சில பத்து மீட்டரைச் சேர்க்கும். எனவே விடையை 2.4 கிலோமீட்டர், 0.1 கூடக் குறைய என்று எழுதுவதே நேர்மை. 2,404 மீட்டர் என்று கால்குலேட்டர் காட்டும் கடைசி இலக்கங்களுக்குப் பொருள் இல்லை.

விடை தவறானால்

7.5 கிலோமீட்டர் என்று வந்தால், தீர்க்கரேகையின் குறைக்குறி விடுபட்டிருக்கிறது. C இலிருந்து 8.9 ஐக் கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டியிருப்பீர்கள். உயரம் குறை எண்ணாகவோ நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாகவோ வந்தால், கால்குலேட்டர் பாகைக்குப் பதில் ரேடியனில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டினால் முதலில் நேரத்தைப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு வெளிப்படையாகத் தெரியாத தவறுகளைப் பிடிக்க, அதே இரவில் மூன்று மணி நேரம் கழித்து இன்னொரு படம் எடுத்து, முழுக் கணக்கையும் புதிதாகப் போட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அதற்குள் சூரியன் 7.4 பாகைக்கு ஏறியிருக்கும், நிழல் 19.3 கிலோமீட்டராக, அதாவது 42 புள்ளிகளாகச் சுருங்கியிருக்கும். உயரம் மட்டும் மாறாமல் 2.4 ஆகவே வர வேண்டும். நிழல் நுனியைத் தொடர்ந்து ஒரே பக்கமாகத் தவறிக் குறிப்பவருக்கும், முகட்டுக்குப் பதிலாக அடிவாரத்திலிருந்து தொடங்குபவருக்கும் இரு விடைகளும் பொருந்தாது. எல்லாம் சரியாக இருந்தும் பொருந்தவில்லை என்றால், இரண்டு நுனிகளும் விழுந்த தரைகள் ஒரே மட்டத்தில் இல்லை என்று கருதலாம். மழைக்கடலின் தரையிலும் தாழ்வான சுருக்க வரப்புகள் உண்டு. எல்ஆர்ஓ விண்கலத்தின் லேசர் உயரமானி அளவுகளைக் காட்டும் குவிக்மேப் என்ற இணைய வரைபடத்தில், பிக்கோவின் முகட்டிலிருந்து மேற்கே 25 கிலோமீட்டர் வரை ஒரு கோடு இழுத்தால், அந்தத் தரையின் ஏற்றத்தாழ்வு வரைகோடாகவே தெரியும். அந்தக் கோட்டை நம் கணக்கை முடித்த பிறகு இழுப்பது நல்லது. முன்பே விடையைத் தெரிந்துகொண்டவரின் கை, நுனியைக் குறிக்கும்போது தானாகவே அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

இரண்டாவது மலையாகப் பிக்கோவுக்குத் தென்கிழக்கே உள்ள பிட்டானை எடுத்துக்கொள்ளலாம். வட அட்சரேகை 40.6, மேற்குத் தீர்க்கரேகை 1.1. அதுவும் சமவெளியில் தனித்து நிற்கிறது. அங்கே சூரியன் பிக்கோவைவிட ஏறத்தாழ 15 மணி நேரம் முன்னதாக உதிப்பதால் முந்தைய மாலையில், கூடுமானவரை நேரம் தாழ்த்தி, படம் எடுக்க வேண்டும். அளவுகோலாகப் பக்கத்தில் உள்ள 57 கிலோமீட்டர் விட்டமுடைய கசினி பள்ளத்தின் கிழக்கு மேற்கு அகலத்தைப் பயன்படுத்தலாம். பிளேட்டோவைவிடச் சிறியது என்பதால் அதன் விளிம்பைக் குறிப்பதில் ஒரு புள்ளி தவறினாலும் பிசகு ஏறக்குறைய இரு மடங்காகும்.